'வரும்'னா வாய் மூடுமா?

ரூபார்ப் லிப் சிங்க் இலவசம், வேகம். சரிதான். ஆனா அதை அப்படியே ஓட்டினா இங்கிலீஷ் வார்த்தைகளைத்தான் தேடும். தமிழ் வசனத்துக்கு இப்படி ஓட்டுங்க:

```
rhubarb -r phonetic -o appa.txt appa.wav
```

எந்த நொடியில் எந்த வாய் என்று பட்டியல் வரும். A மூடின உதடு, D நல்லா திறந்த வாய், F குவிந்த உதடு, X சும்மா இருக்கும் வாய்.

பலர் இதோட நிறுத்திடுறாங்க. என் கருத்தில் வேலையே இனிமேதான். தஞ்சாவூர்ப் பையன் ஒருத்தன் சொல்றான்: "அப்பா, கல்லணை திறந்தாச்சு. நாளைக்கு தண்ணி வரும்."

'ப்ப' வரும் இடத்தில் சத்தமே இல்லை. அதனால டூல் அங்கே D-யையே நீட்டிடலாம், இல்லைன்னா X போட்டுடலாம். நொடிக்கு 24 ஃப்ரேம் ஓடுற படத்தில் ஒரு ஃப்ரேம் மட்டும் மூடினா கண்ணுக்குத் தெரியாது. முன்னாடி இருக்கிற 'அ'விலிருந்து கொஞ்சம் திருடி, மூணு நாலு ஃப்ரேம் A கொடுங்க. அப்புறம் ம்யூட் பண்ணிப் பாருங்க, 'அப்பா' தெரியணும்.

'வரும்' வேற கதை. எழுத்தைப் பார்த்துத் திருத்துறவங்க கடைசி 'ம்'முக்கு A போடுவாங்க. நம்ம பேச்சில் அது மூக்கோட முடிஞ்சிடும், உதடு ஒட்டாது (செய்தி வாசிக்கிறவர்னா ஒட்டும்). அதனால F-லிருந்து நேரா X போங்க. அப்பா திருப்பி "வருமா?"ன்னு கேட்டா மட்டும் A கட்டாயம் வேணும்.