ரசத்துக்குப் புளி எங்கே?



மைசூருவில் பிள்ளைகளை வெளிநாட்டுக்கு அனுப்பிய வீடுகளில் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "இங்கே துவரம்பருப்பும் புளியும் கிடைக்கவில்லை அம்மா, ரசம் எப்படி வைப்பது?" இந்தியக் கடை இல்லாத ஊரில், பக்கத்து சூப்பர் மார்க்கெட்டை மட்டும் நம்பி மைசூர் ரசம் வைப்பவர்களுக்காக இந்தப் பக்கம்.

முதலில் பருப்பு. 'எல்லோ ஸ்பிளிட் பீஸ்' என்ற பெயரில் உடைத்த மஞ்சள் பட்டாணி பல கடைகளில் கிடைக்கும். துவரம்பருப்புக்கு நிறத்திலும் குழைவிலும் அதுவே நெருக்கம். லேசான இனிப்பு மட்டும் கூடுதல். ஊறவைத்து, குக்கர் இல்லையென்றால் முக்கால் மணி நேரமாவது வேகவிட வேண்டும். நன்றாகக் குழைந்த பிறகே புளிப்பு சேர்க்க வேண்டும். முன்பே சேர்த்தால் எவ்வளவு கொதித்தாலும் பருப்பு நறுக்கென்றே நிற்கும். அவசரத்துக்கு மைசூர் பருப்பு கால் மணியில் வெந்துவிடும், ஆனால் ரசம் மாவாகக் கெட்டிப்படும். அளவைக் குறைத்துப் போடுங்கள்.

அடுத்தது புளி. தாய்லாந்துப் பொருட்கள் விற்கும் அலமாரியில் புளிக்கட்டி இருக்கும். 'ஸ்வீட்' என்று எழுதிய புளியம்பழத்தை மட்டும் எடுக்காதீர்கள். அது தின்பதற்கானது, புளிக்காது. கறுத்த புளிச்சாறு பாட்டில் கிடைத்தால் இன்னும் சுலபம். நம் ஊர் செலுவாம்பா மாளிகையில் 1950 முதல் இயங்கும் மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையமும் புளிச்சாற்றைக் கெட்டியாக்கும் முறை ஒன்றை உருவாக்கியிருக்கிறது. பாட்டில் சாறு மிகவும் செறிவானது. நான்கு பேர் ரசத்துக்கு ஒரு தேக்கரண்டியில் தொடங்கி, ருசி பார்த்துக் கூட்டுங்கள்.

இரண்டுமே இல்லையா? நன்கு பழுத்த மூன்று தக்காளியைக் கரைய வேகவிட்டு, அடுப்பை அணைத்தபின் அரை எலுமிச்சை பிழியுங்கள். கொதிக்கும்போது பிழிந்தால் மணம் போய்விடும், கசப்பும் தட்டும். புளியில் புளிப்போடு இனிப்பும் கலந்திருக்கிறது. எலுமிச்சையில் அது குறைவு. ஒரு சிட்டிகை பழுப்புச் சர்க்கரை அந்தக் குறையை நிரப்பும். வினிகர் வேண்டாம், அதன் நெடி ரசத்தை விட்டுப் போகாது.

மிளகாயில் நாம் பழகியது பியாடகி: நிறம் அதிகம், காரம் குறைவு. பாப்ரிகா தூளோடு கொஞ்சம் காரத்தூள் கலந்தால் அதை நெருங்கலாம். 'ஸ்மோக்டு' என்றிருப்பதை வாங்கினால் ரசம் முழுக்கப் புகை வாடை வீசும். சூடான எண்ணெயில் பாப்ரிகா நொடியில் கருகும் என்பதால் கொதிக்கும் ரசத்தில் நேராகத் தூவுங்கள். தனியா, மிளகு, சீரகம் எல்லா ஊரிலும் முழுதாகக் கிடைப்பவை, வறுத்துப் பொடித்துக்கொள்ளலாம்.

கறிவேப்பிலைக்கு மட்டும் மாற்று கிடையாது. பிரிஞ்சி இலை அதன் மணத்தைத் தராது. இல்லாதபோது விட்டுவிட்டு, கொத்தமல்லித் தழையைத் தாராளமாகச் சேர்ப்பதே நல்லது.

நீங்கள் வாழும் ஊரின் கடையில் எதை எதற்கு மாற்றாகக் கண்டீர்கள்? அளவோடு எழுதி அனுப்புங்கள், அடுத்த இதழ்களில் வெளியிடுகிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்