"ஆமாங்க தொரை" என்றால் எதற்கு ஆமாம்?

கடந்த 2025 பெப்ரவரியில் எமது அங்கத்தவர்கள் வேலை செய்யும் ஒரு தோட்டத்தில், காலைப் பிரட்டுக்களத்தில் சின்னத்துரை கேட்ட கேள்வி ஒன்று. அதற்கு 22 பெண்கள் சொன்ன பதில் இரண்டே சொல். அந்த இரண்டு சொல்லுக்காக ஆளுக்கு ஐயாயிரம் ரூபாவுக்கு மேல் இழந்திருக்கிறார்கள். எப்படி என்று பார்ப்போம்.

வெயில் காலம். கொழுந்து குறைவு. அன்று திங்கட்கிழமை. சின்னத்துரை கேட்டது இதுதான்: "இன்னைலருந்து பேரு இல்லாட்டி கைக்காசு எடுக்கிறதா?" முன்வரிசையில் நின்றவர்கள் "ஆமாங்க தொரை" என்றார்கள். பின்வரிசையும் அதையே சொன்னது. மலைக்குப் போனார்கள். ஒன்பது நாள் கொழுந்து எடுத்தார்கள். சம்பள நாளில் துண்டைப் பார்த்தால் ஒன்பது நாளுக்கும் பேர் இல்லை; கிலோ 50 ரூபா வீதம் கைக்காசு. கேட்கப் போன தலைவரிடம் தோட்டக் காரியாலயம் சொன்ன பதில்: "கேட்டோம், ஆமாம் என்றார்கள். கைக்காசுக்குச் சம்மதித்துவிட்டு இப்போது ஏன் வருகிறீர்கள்?"

சம்மதித்தார்களா? எதற்கு?

பள்ளிக்கூடத்தில் பத்தாம் வகுப்புப் படிக்கும் பிள்ளை உள்ள வீடாக இருந்தால் இலக்கணப் புத்தகத்தை எடுத்துப் பாருங்கள். "பாம்பா, கயிறா?" என்று கேட்பதற்கு ஐயவினா என்று பெயர் போட்டிருப்பார்கள். அப்படிக் கேட்டவனுக்கு "ஆமாம்" என்று சொன்னால் அவனுக்கு என்ன தெரியும்? காலடியில் கிடப்பது பாம்பு என்றா, கயிறு என்றா? பாம்பு என்றோ கயிறு என்றோ ஒன்றைச் சொன்னால்தான் அது விடை. ஆகவே சின்னத்துரை கேட்டது "பேரா, கைக்காசா" என்ற கேள்வி என்றால், அவருக்குக் கிடைத்தது விடையே அல்ல. திரும்பக் கேட்டிருக்க வேண்டியவர் அவர். கேட்கவில்லை. தனக்கு வசதியான பாதியை எடுத்துக்கொண்டு காரியாலயத்துக்குப் போய்விட்டார்.

ஆனால் விஷயம் அதோடு முடியவில்லை. "இல்லாட்டி" என்ற நம் சொல்லில் இரண்டு வேலை இருக்கிறது. "டீ இல்லாட்டி கோப்பி" என்றால் இரண்டில் ஒன்று என்று பொருள். "மழை இல்லாட்டி மருந்தடிப்போம்" என்றால் மழை பெய்யாத பட்சத்தில் என்று பொருள். காரியாலயம் இப்போது இந்த இரண்டாவது பொருளைப் பிடித்துக்கொள்கிறது. "பேர் இல்லாதபோது கைக்காசுக்கு எடுப்பீர்களா என்றுதான் கேட்டோம், ஆமாம் என்றார்கள்" என்று பெரிய துரை தலைவரிடம் சொல்லியிருக்கிறார். இது அவர்கள் தரப்பின் நல்ல வாதம். அதனால் அதையே எடுத்துக்கொள்வோம்.

அப்படிப் பொருள் கொண்டால் அந்த "ஆமாம்" ஒரு நிபந்தனையோடு வந்த ஆமாம். பேர் இல்லாத நாளில் மட்டுமே கைக்காசு. அப்படியானால் அந்த ஒன்பது நாளும் பேர் இல்லாத நாள்களா? அதைத்தான் காரியாலயம் முதலில் காட்ட வேண்டும். காட்ட முடியாது. ஏனென்றால் ஒன்பது நாளும் என்ன நடந்தது என்று அந்தப் பெண்களுக்குத் தெரியும், கங்காணிக்கும் தெரியும்.

கைக்காசு நாள் எப்படி இருக்கும் என்று நமக்குத் தெரியாதா? ஞாயிற்றுக்கிழமை கைக்காசுக்கு இறங்கினால் பிரட்டில் பெயர் கூப்பிடுவதில்லை. இஷ்டப்பட்ட நேரத்துக்கு வரலாம், போதும் என்றால் கொழுந்தை நிறுத்துக் கொடுத்துவிட்டு லயத்துக்குப் போகலாம். மருமகளையோ மகனையோ துணைக்குக் கூட்டி வந்தாலும் எவரும் கேட்பதில்லை. நிறுவையில் விழும் கிலோதான் கணக்கு.

அந்த ஒன்பது நாளில் தினமும் காலையில் பெயர் கூப்பிட்டார்கள். மூன்று நிறுவையும் வழக்கமான நேரத்துக்கே நடந்தன. மூன்றாம் நாள் ஒரு அம்மா, பிள்ளைக்குக் காய்ச்சல் என்று பகல் நிறுவையோடு வீட்டுக்குப் போகக் கேட்டபோது, "நாலரைக்கு முன்னால் மலையை விட்டுப் போக முடியாது" என்று நிறுத்தி வைத்திருக்கிறார்கள். இன்னொருவர் ஐந்தாம் நாள் தன் மருமகளைத் துணைக்கு அழைத்து வந்தார். "செக்ரோலில் பேர் இல்லாத ஆள் மலையில் இறங்கக் கூடாது" என்று அந்தப் பிள்ளையைத் திருப்பி அனுப்பியவர் யார்? அதே சின்னத்துரை.

வேலை வாங்கும்போது பேர். காசு கொடுக்கும்போது கைக்காசு. ஒரு கேள்வியில் இரண்டு தெரிவைக் கொடுத்து, நம்மிடமிருந்து ஒரு ஆமாமை வாங்கி, அதை இரண்டு பக்கமும் தனக்கே பயன்படுத்தியிருக்கிறது நிர்வாகம்.

வாயால் சொன்னது தெளிவில்லை என்றால், சொன்ன பிறகு இரு தரப்பும் எப்படி நடந்துகொண்டார்கள் என்று பார்ப்பதுதான் நியாயமான வழி. இங்கே இரு தரப்பும் பேர் நாள் போலவே நடந்திருக்கிறார்கள். அப்படியும் சந்தேகம் தீராவிட்டால், ஒப்பந்தச் சட்டத்தில் பழைய விதி ஒன்று இருக்கிறது: இரண்டு பொருள் படும்படி வாசகத்தை அமைத்தவருக்கு எதிராகவே பொருள் கொள்ள வேண்டும் என்பது அது. இந்த வாசகத்தை அமைத்தது பெண்கள் அல்ல. அதற்கும் மேலாக, இருவர் மனதிலும் ஒரே விஷயம் இல்லாவிட்டால் அங்கே புதிய இணக்கம் ஒன்று பிறக்கவே இல்லை. பழைய முறை, அதாவது பேர், அப்படியே தொடர்கிறது.

இப்போது காசைப் பார்ப்போம். ஒரு பெண்ணின் நிறுவைத் துண்டுகளை நாம் வாங்கிக் கூட்டினோம். ஒன்பது நாளில் 131 கிலோ. கிலோ 50 ரூபா வீதம் 6550 ரூபா கிடைத்திருக்கிறது. அப்போதைய நாட்சம்பளம் 1350 ரூபா. ஒன்பது பேருக்கு 12150 ரூபா. வித்தியாசம் 5600 ரூபா.

இதற்கும் காரியாலயம் ஒரு பதில் வைத்திருக்கிறது. "20 கிலோ எடுக்காதவருக்கு அரைப்பேர்தான். ஒன்பது அரைப்பேர் 6075 ரூபா. நாங்கள் 475 ரூபா கூடத்தானே கொடுத்திருக்கிறோம்" என்கிறார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் 20 கிலோ என்பது கொழுந்து காணும் மாதங்களின் கணக்கு. அந்த மலைக்கு வெயில் மாதங்களில் 14 கிலோ என்று தலைவரோடு பேசி முடிவு செய்து, முந்திய வருடமும் அப்படியே பேர் போட்டார்கள். இந்தப் பெண்ணின் துண்டுகளில் எந்த நாளும் 14க்குக் குறையவில்லை. ஒன்பதும் முழுப்பேர். 475 ரூபா தயவு எங்கிருந்து வந்தது?

துண்டில் தெரியாத இழப்பு இன்னொன்று. அந்த ஒன்பது நாள் காசுக்கு ஊழியர் சேமலாப நிதி கட்டப்படவில்லை. கைக்காசுக்குக் கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். 12150 ரூபாவுக்கு வேலைகொள்வோர் கட்ட வேண்டிய 12 வீதம் 1458 ரூபா. நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு 3 வீதம் 364 ரூபா 50 சதம். இரண்டும் சேர்ந்து 1822 ரூபா 50 சதம் நிர்வாகத்துக்கு மிச்சம். 22 பேருக்கும் பெருக்கிப் பாருங்கள், ஒரு "இல்லாட்டி" எவ்வளவு சம்பாதித்திருக்கிறது என்று தெரியும்.

நம் பக்கத்திலும் மறைக்காமல் சொல்ல வேண்டியது உண்டு. 22 பேரில் மூன்று பேர் உண்மையிலேயே கைக்காசு என்று நினைத்துத்தான் ஆமாம் சொன்னதாக எங்களிடம் கூறினார்கள். பகலோடு வீட்டுக்குப் போய்விடலாம் என்பது அவர்கள் எண்ணம். பகலோடு விடாதபோதுதான் அவர்களுக்கும் சந்தேகம் வந்திருக்கிறது. ஐந்தாறு பேர் பேர் என்று நினைத்தார்கள். மீதிப் பேரைக் கேட்டால், "தொரை ஏதோ சொன்னாரு, சரின்னோம்" என்கிறார்கள். இவர்களைக் கோபிப்பதில் பலனில்லை. பிரட்டுக்களத்தில் "ஆமாங்க தொரை" என்பது நூற்றைம்பது வருடமாக "காதில் விழுந்தது" என்பதற்கு நாம் வைத்திருக்கும் சொல். வணக்கம் சொல்வதுபோல் அது வாயில் வரும். அதைத் தெரியாத துரை எவரும் தோட்டத்தில் இல்லை. தெரிந்துகொண்டே அதைக் கையெழுத்தாக எழுதிக்கொள்வதைத்தான் நாம் கண்டிக்கிறோம்.

அந்த மூன்று பேரின் விருப்பத்தைக் காட்டி மற்ற 19 பேரையும் கட்ட முடியாது. ஒருவர் சம்பளத்துக்கு இன்னொருவர் ஆமாம் சொல்ல முடியாது. அந்த மூன்று பேரையும்கூடக் கட்ட முடியாது என்பதே எமது நிலைப்பாடு: முழு நாள் வேலை வாங்கிவிட்டு, சம்பளச் சபை நிர்ணயித்த நாட்சம்பளத்துக்குக் குறைவாகக் கொடுத்தால், "அவர்தான் சம்மதித்தார்" என்று காட்டி வேலைகொள்வோர் தப்ப முடியாது. ஆகக் குறைந்த சம்பளம் என்று ஒன்றைச் சட்டத்தில் வைத்ததே, பசியோடு நிற்பவரிடம் இப்படி ஆமாம் வாங்கிவிடுவார்கள் என்பதற்காகத்தான்.

நிர்வாகத்திடம் நாம் எழுத்தில் கேட்டிருப்பது இவை. அந்த ஒன்பது நாளின் செக்ரோல் பக்கங்களைத் தலைவர் முன்னிலையில் காட்ட வேண்டும். முதல் மூன்று நாளுக்குப் பேர் போட்டுப் பிறகு அடித்து எழுதியிருப்பதாகப் பெண்கள் சொல்கிறார்கள், அது உண்மையா என்று பார்க்க வேண்டும். 22 பேருக்கும் வித்தியாசக் காசையும் நிதிகளையும் கட்ட வேண்டும். இனிமேல் வேலை முறையை மாற்றுவதாக இருந்தால் முதல் நாளே தமிழில் எழுதிப் பிரட்டுக்களத்தில் ஒட்ட வேண்டும். பதில் வராவிட்டால் நிறுவைத் துண்டுகளோடு தொழில் காரியாலயத்துக்குப் போகிறோம். துண்டுகளை வீசிவிடாமல் தலைவரிடம் கொடுத்து வையுங்கள். இதுவரை 17 பேருடையது வந்திருக்கிறது, இன்னும் ஐந்து பேருடையது வர வேண்டும்.

மற்றத் தோட்டங்களில் இருப்பவர்களுக்கு: நாளைக் காலை இதே கேள்வி உங்கள் பிரட்டிலும் வரலாம். "ஆமாங்க" வேண்டாம், "சரிங்க"வும் வேண்டாம். பேருக்கு என்றால் "பேருக்குத்தான் தொரை" என்று சொல்லுங்கள், பக்கத்தில் நிற்பவருக்கும் கங்காணிக்கும் கேட்கும்படி.