₹18,585-க்காக மூன்று லட்சத்தைப் பூட்டலாமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

இணைய மோசடியில் பணத்தை இழந்தவர்கள் உடனே 1930-ஐ அழைக்க வேண்டும் என்று பத்திரிகைகள் ஓயாமல் எழுதுகின்றன. நல்ல யோசனைதான், அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் அந்த அழைப்புக்குப் பிறகு எங்கோ ஓர் ஊரில், மோசடியோடு எந்தச் சம்பந்தமும் இல்லாத ஒருவருடைய கணக்கு முடங்குவதைப் பற்றி யாரும் எழுதுவதில்லை. அப்படி முடங்கியவர்களில் நானும் ஒருவன் என்பதால் எழுதுகிறேன்.

சென்னிமலையில் போர்வை, துண்டு வாங்கி விற்கும் சிறு வியாபாரி நான். 2025 ஜூன் 18 அன்று வேறு மாநிலத்திலிருந்து ஒருவர் அறுபது போர்வை கேட்டார். ஒன்று 295 ரூபாய், ஐந்து சத ஜிஎஸ்டி சேர்த்து 18,585. அன்று மாலையே யுபிஐயில் பணம் வந்துவிட்டது. மறுநாள் பார்சல் ஆபீசில் மூட்டையைப் போட்டேன். சரக்கு போய்ச் சேர்ந்தது என்று அவரும் வாட்ஸ்அப்பில் சொன்னார். அத்தோடு அதை மறந்துவிட்டேன்.

ஜூலை 12, சனிக்கிழமை. எங்களுக்குக் கூலி நாள். நூல்காரருக்கு அனுப்பிய பணம் போகவில்லை. தறிக்காரர் ஒருவருக்கு அனுப்பினால் அதுவும் போகவில்லை. செயலியில் 3,12,440 ரூபாய் இருப்பதாகத்தான் காட்டுகிறது, ஆனால் ஒரு ரூபாய்கூட வெளியே போக மறுக்கிறது. அன்று இரண்டாவது சனி, வங்கி விடுமுறை. திங்கள் காலை பத்து மணி வரைக்கும் என்ன நடந்தது என்று சொல்ல ஆளில்லை. அந்த வாரக் கூலியை என் மனைவி சீட்டு எடுத்து வைத்திருந்த பணத்தில்தான் கொடுத்தேன்.

திங்களன்று கிளையில் கிடைத்த பதில்: “சந்தேகத்துக்குரிய பரிவர்த்தனை சார். ஆதார், பான் ஜெராக்ஸ் கொடுத்துட்டுப் போங்க.” கொடுத்தேன். இரண்டு நாள் கழித்துப் போனபோது கடைப் பதிவுச் சான்றும் புகைப்படமும் கேட்டார்கள். அதையும் கொடுத்தேன். ஒன்றும் நடக்கவில்லை. நடக்கவும் நடக்காது என்பது பிறகுதான் புரிந்தது. என் முதல் புகாரே இதுதான்.

கணக்கு முடங்குவதில் இரண்டு வகை உண்டு. கேஒய்சி காலாவதியானாலோ, சேமிப்புக் கணக்கில் வழக்கத்துக்கு மாறாகப் பெருந்தொகை புழங்கினாலோ வங்கி தானாகவே நிறுத்தி வைக்கும். அங்கே ஆதார், பான், வருமானத்துக்கான சான்று கொடுத்தால் பெரும்பாலும் தீர்ந்துவிடும். என்னுடையது மற்ற வகை. யாரோ ஏமாந்து 1930-இல் புகார் செய்கிறார். அவர் பணம் எந்தக் கணக்குக்குப் போனதோ அது முதல் அடுக்கு. அங்கிருந்து பிரிந்து போனவை இரண்டாம் அடுக்கு, மூன்றாம் அடுக்கு. ஒவ்வோர் அடுக்கிலும் உள்ள வங்கிக்குத் தகவல் போய், அந்தந்தத் தொகையோ கணக்கு முழுவதுமோ நிறுத்தப்படுகிறது. எனக்குப் போர்வைக்காகப் பணம் அனுப்பிய கணக்கு அந்தச் சங்கிலியில் இருந்திருக்கிறது. நான் அதற்கு அடுத்த கண்ணி. இங்கே யாருக்கும் நான் யார் என்பதில் சந்தேகமே இல்லை. இந்தப் பணம் உன்னிடம் ஏன் வந்தது என்பதுதான் கேள்வி. அதற்கு ஆதார் அட்டை என்ன பதில் சொல்லும்?

இந்த வேறுபாட்டைக் கிளை அதிகாரி முதல் நாளே சொல்லியிருந்தால் எனக்கு ஒரு வாரம் மிச்சமாகியிருக்கும். கேட்டதற்கு “மேலிடத்து உத்தரவு” என்றார். கடைசியில், அருகில் ரெடிமேட் கடை வைத்திருக்கும் நண்பர் (அவருக்கும் ஒரு முறை இதே கதை) சொல்லிக் கொடுத்தபடி எழுத்தில் ஒரு கடிதம் கொடுத்து, முத்திரையோடு நகல் வாங்கிக்கொண்டேன். புகாரின் பதினான்கு இலக்க ஒப்புகை எண், எந்த மாவட்டச் சைபர் பிரிவு, எந்தப் பரிவர்த்தனை, எவ்வளவு தொகை, எத்தனையாவது அடுக்கு என்று ஐந்தே கேள்விகள். மூன்றாம் நாள் மின்னஞ்சலில் பதில் வந்தது. அதைப் பார்த்த பிறகுதான் அந்த 18,585-தான் காரணம் என்று எனக்கே தெரிந்தது. வாயால் பத்து தடவை கேட்டுக் கிடைக்காதது கடிதத்துக்குக் கிடைத்தது.

பிறகு நான் அனுப்பிய காகிதங்களைச் சொல்கிறேன், என்னைப் போல் மாட்டிக்கொண்டவர்களுக்கு உதவட்டும். வங்கி முத்திரையோடு கணக்கு அறிக்கை, அதில் அந்த ஒரு வரவை மட்டும் கோடிட்டு, பக்கத்தில் அதன் பன்னிரண்டு இலக்கப் பரிவர்த்தனை எண். அதே தொகைக்கான ஜிஎஸ்டி பில். மறுநாள் தேதியிட்ட பார்சல் ரசீது. ஆர்டர் கேட்டதிலிருந்து சரக்கு வந்தது என்பது வரையிலான வாட்ஸ்அப் உரையாடல், வாங்கியவரின் எண் தெரியும்படி. இவற்றோடு ஒரு பக்கத்தில் தேதிவாரியாக நடந்ததை எழுதிய கடிதம். எல்லாவற்றையும் ஒரே பிடிஎஃப் ஆக்கி, தலைப்பில் ஒப்புகை எண்ணைப் போட்டு, அந்தச் சைபர் பிரிவின் மின்னஞ்சலுக்கு அனுப்பி, கிளைக்கும் ஒரு நகல்.

இவற்றில் எது வேலை செய்தது என்று கேட்டால், பில் அல்ல என்பேன். பில்லை யாரும் எப்போதும் அடித்துக்கொள்ளலாம், அது போலீசாருக்கும் தெரியும். தொலைபேசியில் பேசிய விசாரணை அதிகாரி நேராகவே கேட்டார்: “முடக்கிய பிறகு போட்ட பில் இல்லைன்னு எப்படி நம்பறது?” என்னைக் காப்பாற்றியது ஜிஎஸ்டிஆர்-1. ஜூன் மாத விற்பனைக் கணக்கை ஜூலை 10-ஆம் தேதியே தாக்கல் செய்திருந்தேன், முடக்கத்துக்கு இரண்டு நாள் முன்னால். அதில் அந்தப் பில் எண் இருக்கிறது. பார்சல் ரசீதும் அப்படித்தான், வேறொருவர் புத்தகத்தில் தேதியோடு பதிவானது. சிக்கல் வருமுன்பே, நம் கையில் இல்லாத இடத்தில் பதிவான காகிதத்துக்குத்தான் மதிப்பு. ஜிஎஸ்டி பதிவு இல்லாத பூக்கடைக்காரரும் தள்ளுவண்டிக்காரரும் இதற்கு எங்கே போவார்கள் என்று நினைத்தால் வயிறு எரிகிறது.

என் தப்பும் ஒன்று இருக்கிறது. பில் ஒரு பெயரில், பணம் அனுப்பியவர் பெயர் வேறு. நான் கவனிக்கவே இல்லை. அதிகாரி முதலில் பிடித்தது அந்த இடத்தைத்தான். நல்லவேளை, “மச்சான் நம்பர்ல இருந்து அனுப்பறேன்” என்று வாங்கியவர் இந்தியில் எழுதிய ஒரு வரி வாட்ஸ்அப்பில் அழியாமல் இருந்தது. அது இல்லாவிட்டால் என் கோப்பு அங்கேயே நின்றிருக்கும். இப்போதெல்லாம் வேறு பெயரிலிருந்து பணம் வந்தால் பில்லின் அடியில் அந்தப் பெயரையும் பரிவர்த்தனை எண்ணையும் எழுதி வைக்கிறேன். தெரியாத ஆளாக இருந்தால் திருப்பி அனுப்பிவிடுகிறேன்.

இடையில், அதே சைபர் பிரிவிலிருந்து என்று சொல்லிக்கொண்டு இன்னொருவர் பேசினார். அந்த 18,585-ஐப் புகார் கொடுத்தவர் கணக்குக்குப் போட்டுவிட்டால் அன்றைக்கே ஆட்சேபமின்மைச் சான்று வந்துவிடும் என்றார். ஏமாந்தவர் மீது எனக்கு இரக்கம் உண்டு. ஆனால் போர்வையும் போய், பணமும் போக நான் என்ன தர்மச் சத்திரமா? யார் பேசுகிறார்கள் என்று உறுதிசெய்ய வழியில்லாத தொலைபேசியில் இப்படிப் பணம் கேட்பதே இன்னொரு மோசடிக்குக் கதவைத் திறந்து விடுவதாகும். எழுத்தில் கேளுங்கள் என்றேன். அதன் பிறகு அவர் பேசவில்லை.

ஆகஸ்ட் 6 அன்று கணக்கு திறந்தது. அந்த 18,585 மட்டும் ‘லீன்’ போட்டு நிற்கிறது, நீதிமன்றம் முடிவு செய்யட்டும் என்கிறார்கள். அதை நான் ஏற்கிறேன். நான் கேட்பது, முதல் நாளே ஏன் இதைச் செய்யவில்லை என்பதுதான். தொகையை மட்டும் நிறுத்தினால் செயலியில் மொத்த இருப்பு அப்படியே இருக்க, எடுக்கக்கூடிய இருப்பு அந்த அளவுக்குக் குறைந்து காட்டும். எனக்கு எதுவும் குறையவில்லை, கணக்கே பூட்டப்பட்டது. இருபத்தைந்து நாள். நூல்காரருக்குக் கொடுத்த காசோலை திரும்பியது, கடன் தவணை தவறி அபராதம் விழுந்தது.

இது சட்டம் சொல்லும் வழியா? கேரள உயர் நீதிமன்றம் 2023-லும், சென்னை உயர் நீதிமன்றம் 2024-லும், சந்தேகத்துக்குரிய தொகையை மட்டும் நிறுத்திவைத்து மற்றதை இயக்க விட வேண்டும் என்று சொல்லியிருக்கின்றன. டெல்லியில் சோலே பட்டூரே விற்கும் ஒரு தெருக் கடைக்காரரின் கணக்கு 105 ரூபாய் வரவுக்காக முடக்கப்பட்டு, அவர் உயர் நீதிமன்றம் வரை போய்த்தான் மீட்டார். அவர் கணக்கில் இருந்தது ஒரு லட்சத்து இருபத்திரண்டாயிரம் சொச்சம். நூற்றைந்து ரூபாய்க்காக உயர் நீதிமன்றப் படி ஏற எத்தனை பேரால் முடியும்? பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 106-ஆம் பிரிவின்படி முடக்கினால் அதை உடனே மாஜிஸ்திரேட்டுக்குத் தெரிவிக்க வேண்டும். என் விஷயத்தில் எந்த மாஜிஸ்திரேட்டுக்குத் தெரிவித்தார்கள் என்று இரண்டு முறை எழுதிக் கேட்டேன், பதில் இல்லை.

உங்கள் இதழின் வழியாக வங்கிகளிடம் இரண்டு கேட்கிறேன். சங்கிலியில் சிக்கிய தொகையை மட்டும் நிறுத்துங்கள். நிறுத்திய அன்றே அந்த ஐந்து விவரங்களையும் குறுஞ்செய்தியிலோ மின்னஞ்சலிலோ அனுப்புங்கள், பணம் கழிந்த மறுநொடி குறுஞ்செய்தி அனுப்பத் தெரிந்தவர்களுக்கு இது பெரிய வேலை அல்ல. காவல்துறையிடம் ஒன்று: ஆயிரம் கிலோமீட்டர் தாண்டி நேரில் வரச் சொல்லாதீர்கள். எங்கள் மாவட்டச் சைபர் காவல் நிலையத்திலேயே காகிதங்களை வாங்கிச் சரிபார்த்து உங்களுக்கு அனுப்பட்டும். என்னையும் முதலில் வரத்தான் சொன்னார்கள். இந்தி தெரிந்த நண்பர் ஒருவர் அரை மணி நேரம் பேசியதால்தான் மின்னஞ்சல் போதும் என்று ஒப்புக்கொண்டார்கள்.

போர்வை வாங்கிய அந்த வெளிமாநிலத்துக்காரர் சென்ற மாதம் மறுபடி அழைத்தார், நாற்பது துண்டு வேண்டுமாம். மச்சான் கணக்கு வேண்டாம், உங்கள் கணக்கிலிருந்தே அனுப்புங்கள் என்றேன். இன்னும் அனுப்பவில்லை.

இப்படிக்கு,
பெயர் வெளியிட விரும்பாத வாசகர்,
சென்னிமலை, ஈரோடு மாவட்டம்.