அடுப்பு எரியாத நாளுக்கு அவல்

2016 டிசம்பரில் வர்தா புயல் சென்னையைக் கடந்தபோதும், 2018 நவம்பரில் கஜா டெல்டாவைச் சாய்த்தபோதும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் மழையில் நகரம் மிதந்தபோதும் வீடுகளில் எழுந்த கேள்வி ஒன்றுதான். கரண்ட் இல்லை, சிலிண்டர் தீர்ந்துவிட்டது, வண்டியும் வராது. பிள்ளைகளுக்கு எதைக் கொடுப்பது? பெரும்பாலும் பிஸ்கட்டைத்தான் கொடுத்தோம். ஒரு வேளைக்கு அது சரி. மறுநாளும் அதுவே என்றால் பிள்ளைகள் பசியோடுதான் இருப்பார்கள்.

என் பதில் கெட்டி அவல். நெல்லை ஊறவைத்து, வறுத்து, சூட்டோடு இடித்துத் தட்டையாக்குகிறார்கள். ஆகவே நெருப்பு பார்க்க வேண்டியதை அது ஏற்கெனவே பார்த்துவிட்டது. நம் வீட்டில் அதற்குத் தண்ணீர் போதும். ரவைக்கும் பச்சை மாவுக்கும் இந்த வசதி கிடையாது. அவற்றை வேகவைக்காமல் தின்னக் கொடுக்காதீர்கள்.

நான்கு பேருக்கு ஒரு வேளைக்குக் கால் கிலோ எடுத்துக்கொள்ளுங்கள். நல்ல பசிக்காரர்கள் இருந்தால் கூட ஒரு கை. சலித்து, தூசு போக இரண்டு முறை அலசி வடித்துவிட்டு, அவல் மட்டும் மூழ்கும் அளவுக்குத் தண்ணீர் ஊற்றிப் பத்து நிமிடம் விடவும். சிவப்பரிசி அவலுக்கு இருபது நிமிடத்துக்கு மேலும் ஆகும். ஒன்றை எடுத்து விரலால் நசுக்கிப் பாருங்கள். நடுவில் வெள்ளையாகக் கடினமாக ஏதாவது தட்டுப்பட்டால் இன்னும் கொஞ்சம் ஊற வேண்டும்; கூழாகக் குழைந்தால் தண்ணீர் கூடிவிட்டது. மெல்லிய அவல் என்றால் ஊறவே விடக்கூடாது, அலசி வடித்தாலே போதும்.

எதோடு கலப்பது என்பதை, எது முதலில் கெடும் என்ற கணக்கில் முடிவு செய்யுங்கள். கரண்ட் போனபின் கதவைத் திறக்காத ஃபிரிட்ஜ் சுமார் நான்கு மணி நேரம்தான் குளிர்ச்சியைக் காக்கும். பாக்கெட் பால் சில்லென்று இருக்கும்போதே அவலில் ஊற்றி, வெல்லம் பொடித்துப் போட்டுக் கொடுத்துவிடலாம். சூடேறிய பாலைக் காய்ச்ச வழியில்லாவிட்டால் கொட்டிவிடுவதே நல்லது. அடுத்தது தயிர். அது புளிக்கும், ஆனால் பால் போலச் சட்டென்று கெடாது. உப்பு, கிள்ளிய பச்சை மிளகாய், இஞ்சி, கறிவேப்பிலையோடு தயிர் அவல் பிசைந்து, ஊறுகாயைத் தொட்டுக்கொள்ளலாம். தாளிப்பு இல்லாத குறையை ஊறுகாய் எண்ணெய் ஓரளவு தீர்த்துவிடும். தயிரும் தீர்ந்த மறுநாளுக்கு எலுமிச்சம்பழம், வெங்காயம், வறுத்த வேர்க்கடலை போட்ட அவல். அதற்கும் வழியில்லாத நாளில் வெல்லமும் ஏலக்காயும்.

தேங்காய்த் துருவல் எல்லாவற்றுக்கும் ருசி கூட்டும். ஆனால் தேங்காய் சேர்த்த அவலை இரண்டு மணி நேரத்துக்குள் தின்று முடித்துவிட வேண்டும். ராத்திரிக்கும் சேர்த்துக் காலையிலேயே ஊறவைக்கும் யோசனை வேண்டாம். வேளைக்கு வேளை ஊறவைப்பதில் எந்தச் சிரமமும் இல்லை.

அவல் பெரும்பாலும் மாவுச்சத்துதான். அதனால் கூடவே பொட்டுக்கடலை வையுங்கள். அதுவும் வறுத்தது, அப்படியே தின்னலாம். பாசிப்பருப்பை ஒரு மணி நேரம் ஊறவைத்து வடித்து, துருவிய கேரட், வெள்ளரிக்காய், எலுமிச்சைச் சாறு, உப்பு சேர்த்தால் ராம நவமிக்குச் செய்யும் கோசுமல்லி தயார். முளைகட்டிய பயறும் நல்லதுதான், ஆனால் வெள்ளக் காலத்தில் அதைப் பச்சையாகத் தின்ன நான் சொல்லமாட்டேன். ஈரத்திலும் வெதுவெதுப்பிலும் பயறு முளைக்கும்போது கிருமிகளும் கூடவே பெருகும்.

இந்தச் சாப்பாட்டின் பெரிய ஆபத்து தண்ணீரில்தான் இருக்கிறது. சோறு வேகும்போது தண்ணீரில் இருக்கும் கிருமி செத்துவிடும். ஊறவைக்கும் அவலில் அந்தக் காவல் கிடையாது. அதனால் அலசுவதற்கும், காய் கழுவுவதற்கும், தட்டைத் துடைக்கும் துணியை நனைப்பதற்கும்கூடக் குடிநீரே வேண்டும். தெருவில் வெள்ளம் நிற்கும்போது தரையடித் தொட்டித் தண்ணீரை நம்பாதீர்கள். மேலே தெளிவாகத் தெரிந்தாலும் சாக்கடை கலந்திருக்கலாம். கேன் தண்ணீர் இல்லாவிட்டால், குளோரின் மாத்திரையை அட்டையில் எழுதியிருக்கும் அளவுக்குப் போட்டு, அதில் சொன்ன நேரம் வரை, குறைந்தது அரை மணி நேரமாவது, காத்திருந்து பிறகு எடுங்கள். கலங்கிய தண்ணீரை முதலில் துணியில் வடிகட்டாமல் மாத்திரை போட்டால் அது சரியாக வேலை செய்யாது.

வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்குகிறது. அதற்குள் இரண்டு கிலோ கெட்டி அவல், அரைக் கிலோ பொட்டுக்கடலை, அரைக் கிலோ வெல்லம், கொஞ்சம் வேர்க்கடலை, ஓர் அட்டை குளோரின் மாத்திரை வாங்கிக் காற்றுப் புகாத டப்பாக்களில் வையுங்கள். பழைய அவலில் வண்டும் சிக்கு வாடையும் வரும். ஆகவே பொங்கல் முடிந்ததும் மிச்சத்தை உப்புமா செய்து தீர்த்துவிட்டு, அடுத்த மழைக்குப் புதிதாக வாங்குங்கள்.