ஐப்பசி மழையும் உருமாறும் ஃப்ளூவும்

இன்ஃப்ளூயென்ஸா வைரஸின் மரபுப்பொருள் ஆர்.என்.ஏ. அதுவும் ஒரே நீள இழையாக இல்லாமல் எட்டுத் துண்டுகளாகப் பிரிந்து கிடக்கிறது. ஆர்.என்.ஏ.வாக இருப்பதால் வைரஸ் ஆண்டுதோறும் சிறுகச் சிறுக நகர்கிறது. துண்டுகளாக இருப்பதால் எப்போதாவது ஒருமுறை அடியோடு தாவுகிறது. இரண்டையும் சேர்த்து ‘வைரஸ் உருமாறிவிட்டது’ என்று செய்திகள் சொல்லிவிடுகின்றன. ஆனால் இரண்டின் காரணம் வேறு, வேகம் வேறு, ஆபத்தும் வேறு.

முதலில் நகர்வு. மனித உயிரணு தன் டி.என்.ஏ.வைப் படியெடுக்கும்போது பிழை நேர்ந்தால் திருத்திக்கொள்ளும். ஃப்ளூ வைரஸின் படியெடுக்கும் நொதிக்கு அந்த வசதி கிடையாது. அதன் மரபுத்தொகுதியில் இருப்பவை சுமார் 13,500 எழுத்துகள். பத்தாயிரத்திலிருந்து ஒரு லட்சம் எழுத்துக்குள் ஒரு பிழை என்று வைத்துக்கொண்டாலும், ஒரே நோயாளியின் தொண்டையில் பெருகும் கோடிக்கணக்கான வைரஸ்களில் எண்ணற்ற பிழைப் படிகள் உருவாகிவிடும். அவற்றில் பெரும்பாலானவை உருப்படாமல் போகும். பிழை மட்டும் வைரஸை ஒரு திசையில் நகர்த்துவதில்லை. திசை கொடுப்பது மக்களிடம் ஏற்கெனவே இருக்கும் எதிர்ப்பாற்றல்.

வைரஸின் மேற்பரப்பில் முள்போல நிற்கும் ஹீமக்ளூட்டினின் என்ற புரதத்தைத்தான் நம் எதிரணுக்கள் முக்கியமாகப் பிடிக்கின்றன. அதன் உச்சியில் ஒரு சிறு குழி. மூச்சுக்குழாய் உயிரணுவில் வைரஸ் ஒட்டிக்கொள்வது அந்தக் குழியால். குழி மாறினால் வைரஸால் ஒட்ட முடியாது. எனவே அது பெரும்பாலும் மாறுவதில்லை. குழியின் விளிம்பு மாறலாம். ஏ வகை ஃப்ளூவில் ஒன்றான எச்3என்2 வைரஸை 1968 முதல் 2003 வரை தொடர்ந்து ஆராய்ந்தபோது, பெரிய நகர்வுகள் அனைத்துக்கும் குழியை ஒட்டிய ஏழே ஏழு இடங்களில் நேர்ந்த மாற்றங்களே முக்கியக் காரணம் என்று தெரியவந்தது. 550-க்கும் அதிகமான அமினோ அமிலங்கள் கொண்ட புரதத்தில் ஏழு இடங்கள்! போன ஆண்டு காய்ச்சலில் கிடந்து எழுந்தவரின் எதிரணு, இந்த ஆண்டு வைரஸைச் சரியாகப் பிடிக்காமல் வழுக்குவதற்கு அவற்றில் ஒன்றோ இரண்டோ மாறினால் போதும்.

நகர்ந்துவிட்டதா என்பதை ஆய்வகத்தில் கண்ணாலேயே பார்க்கலாம். ஃப்ளூ வைரஸ் சிவப்பணுக்களைப் பிணைத்து வலைபோல் படரவிடும். எதிரணு வைரஸை மறித்தால் பிணைப்பு நடக்காது. சிவப்பணுக்கள் ஆய்வுத் தட்டின் குழிவில் அடியில் சிவப்புப் பொட்டாகத் தேங்கும். பழைய வைரஸைத் தொற்றவைத்த ஃபெரெட் என்ற சிறு விலங்கின் ரத்தநீரைப் பாதி பாதியாக நீர்க்கவைத்துக்கொண்டே போவார்கள். அந்த ரத்தநீர் பழைய வைரஸை 1,280 மடங்கு நீர்த்த பிறகும் மறித்து, புதிய வைரஸை 160 மடங்குக்கு மேல் மறிக்க முடியாமல் போனால், எட்டு மடங்கு இடைவெளி. தடுப்பூசியின் வைரஸை மாற்ற யோசிக்க வேண்டிய கட்டம் அது. எல்லா வகையும் ஒரே வேகத்தில் நகர்வதில்லை. 2009-இல் தேர்ந்தெடுத்த கலிஃபோர்னியா எச்1என்1 வைரஸ் 2016 வரை தடுப்பூசியில் மாறாமல் இருந்தது. அதே காலத்தில் எச்3என்2-க்கு பெர்த், விக்டோரியா, டெக்சாஸ், சுவிட்சர்லாந்து, ஹாங்காங் என்று ஆள் மாற்றிக்கொண்டே இருக்க வேண்டியிருந்தது.

தாவல் என்பது வேறு கதை. ஒரே உயிரணுவுக்குள் இரண்டு வகை ஃப்ளூ வைரஸ்கள் ஒருசேர நுழைந்தால், வெளியேறும் புதிய வைரஸ் எட்டுத் துண்டுகளில் சிலவற்றை ஒன்றிடமிருந்தும் மற்றவற்றை இன்னொன்றிடமிருந்தும் எடுத்துக்கொள்ளலாம். கணக்குப்படி 256 சேர்க்கைகள் சாத்தியம். பெரும்பாலானவை ஒன்றோடொன்று பொருந்தாமல் வீணாகும். மனிதரிடமிருந்து மனிதருக்கு எளிதாகப் பரவும் சேர்க்கை அமைவது அபூர்வம். பறவைகள், பன்றிகள் என்று பெரிய கொள்ளிடம் இருப்பது ஏ வகைக்கு மட்டுமே. அதனால்தான் பி வகை நகர்கிறதே தவிரத் தாவுவதில்லை.

அப்படி அமைந்த ஒரு சேர்க்கை சென்னைத் துறைமுகம் வழியாகவே இந்தியாவுக்குள் வந்தது. 1957 மே மாதம் சிங்கப்பூரிலிருந்து வந்த ரஜூலா கப்பலில் காய்ச்சல்காரர்கள் இருந்தார்கள். மலாயாவுக்குப் போன தமிழ்க் குடும்பங்களுக்கெல்லாம் பழக்கமான கப்பல் அது. அடுத்த பிப்ரவரிக்குள் நாடு முழுவதும் பதிவான நோயாளிகள் 44 லட்சத்துக்கும் அதிகம், பதிவாகாதவர்கள் எவ்வளவோ. அந்தப் பரவலை குன்னூர் பாஸ்டர் நிலையத்தில் இருந்த இன்ஃப்ளூயென்ஸா மையம் ஆராய்ந்தது. புதிய எச்2என்2 வைரஸில் மூன்று துண்டுகள் பறவை வைரஸிலிருந்து வந்தவை. மீதி ஐந்தும் அதுவரை மனிதரிடம் சுற்றிக்கொண்டிருந்த எச்1என்1-இன் சொத்து. அந்த மூன்றில் மேற்பரப்புப் புரதங்கள் இரண்டும் அடங்கிவிட்டதால், மிகப் பெரும்பாலானோரின் எதிரணுக்களுக்கு வைரஸ் முற்றிலும் அந்நியமாகிப் போனது.

1968-இல் நடந்த அடுத்த தாவலில் ஹீமக்ளூட்டினின் மாறியது. மற்ற மேற்பரப்புப் புரதமான என்2 அப்படியே தங்கியது. அந்தப் பாதிப் பழக்கம் ஓரளவு காப்பாற்றியிருக்க வேண்டும் என்ற கருத்து வலுவானது. 1957-க்குப் பிறகு காணாமல் போன எச்1என்1 1977-இல் திரும்பியது. 2009-இல் பன்றிகளிடமிருந்து வந்த எச்1என்1, 1918 கொள்ளைநோய் வைரஸின் வழிவந்த ஹீமக்ளூட்டினினைச் சுமந்து வந்தது. 1957-க்கு முன் பிறந்து, சிறுவயதிலேயே அதன் உறவுக்கார வைரஸைச் சந்தித்திருந்த முதியவர்களுக்கு அப்போது தொற்று குறைவாகவே வந்தது. இளையோரும் நடுவயதினருமே அதிகம் விழுந்தார்கள். புதிய வைரஸ் என்று சொல்வதைவிட யாருக்குப் புதிது என்று கேட்பதே சரி.

தாவலை முன்கூட்டிக் கணிக்க யாராலும் இயலவில்லை. நகர்வைத் துரத்த ஓர் ஏற்பாடு இருக்கிறது: உலக சுகாதார நிறுவனம் பிப்ரவரியில் வடகோளத்துக்கும் செப்டம்பரில் தென்கோளத்துக்கும் தடுப்பூசி வைரஸ்களைத் தேர்கிறது. முட்டையில் வளர்த்துச் சுத்திகரித்து ஊசியாக்க ஏறக்குறைய ஆறு மாதம் ஆகும். அதற்குள் வைரஸ் இன்னொரு அடி நகர்ந்துவிடுவதுண்டு.

சென்னைக்கு இதில் தனிச் சிக்கல். டெல்லியில் ஃப்ளூ உச்சம் தொடுவது ஜூலை முதல் செப்டம்பர் வரை. சென்னையிலும் வேலூரிலும் அக்டோபர், நவம்பரில், அதாவது வடகிழக்குப் பருவமழையோடு. தென்மேற்குப் பருவமழைக்கு முன் போட்டுக்கொள்ளுங்கள் என்ற பொது அறிவுரை டெல்லிக்குப் பொருந்தும். மயிலாப்பூரில் ஏப்ரலில் ஊசி போட்டுக்கொண்ட ஒரு முதியவருக்கு, ஐப்பசி மழை பிடிக்கும்போது ஆறு மாதம் கடந்திருக்கும். எதிரணுக்கள் இறங்குமுகத்தில் இருக்கும். அவர் போட்டுக்கொண்ட ஊசியில் இருப்பது முந்தைய செப்டம்பரில் தேர்ந்த வைரஸ். தி.நகர், அடையாறு மருந்துக்கடைகளில் ஊசி கேட்பவர்கள் பெட்டியில் எந்த ஆண்டு, எந்தக் கோளம் என்று அச்சிட்டிருப்பதைப் பார்த்து வாங்குவது நல்லது. பிப்ரவரியில் தேர்ந்த வடகோள ஊசி ஆகஸ்ட், செப்டம்பரில் கிடைக்கத் தொடங்கும். எதிரணு உருவாக இரண்டு வாரம் போதும் என்பதால், சென்னையின் மழைக்கு அதுவே பொருத்தமான ஊசி. ஆனாலும் ஃப்ளூ எப்போதும் மழைக்குக் காத்திருப்பதில்லை: 2023 மார்ச்சில் எச்3என்2 பரவி, தமிழகம் முழுவதும் ஒரே நாளில் ஆயிரம் காய்ச்சல் முகாம்கள் நடத்த வேண்டிவந்தது. மழைக்காலம் முடிந்து இரண்டு மாதத்துக்கும் மேலாகியிருந்தது.