எழும்பும்போது வரும் தலைச்சுற்றும் மலையில் இல்லாத மலசலகூடமும்

கொழுந்து நிறுக்கும் இடத்தில் குந்தியிருந்து எழும்பும்போது கண் இருட்டுகிறது என்று நம் பெண்கள் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். "உடம்புல பலம் இல்ல" என்று அதோடு விட்டுவிடுகிறோம். பலவேளை அது பலமில்லாமை அல்ல, தண்ணீர் இல்லாமை.

எழும்பியதும் இரத்தம் கால்களுக்கு இறங்குகிறது. உடம்பு இரத்தக் குழாய்களை இறுக்கி அதை மேலே தள்ள வேண்டும். உடம்பில் நீர் குறைந்திருந்தால் பிரசர் சட்டென்று விழுந்து, சில விநாடிகள் மூளைக்குப் போதிய இரத்தம் போகாது.

எனக்குத் தெரிந்த ஓர் அக்கா காலையில் ஒரு பிளேன்டீயோடு மலைக்குப் போவார். போத்தல் நிறையத் தண்ணீர் கொண்டுபோனாலும் பகல் வரை தொடமாட்டார். கேட்டதற்கு, "குடிச்சா ஒதுங்க எடம் எங்க டீச்சர்?" என்றார். சலம் கடும் மஞ்சளாகவே போனதாம். தோட்ட டிஸ்பென்சரியில் இரண்டு பெனடோல் கொடுத்து அனுப்பினார்கள். பிறகு வெளியே கிளினிக்கில் படுக்கவைத்து பிரசர் பார்த்தபோது மேல் அளவு 118. எழுந்து நின்றபின் 94.

இதுதான் செய்ய வேண்டிய சோதனை. ஐந்து நிமிடம் படுத்திருந்து ஒருமுறை, எழுந்து நின்று மூன்று நிமிடத்துக்குள் மறுபடி பார்க்க வேண்டும். மேல் அளவு 20 அல்லது கீழ் அளவு 10 குறைந்தால் காரணம் தேட வேண்டும். உட்காரவைத்து ஒரே தடவை பார்த்தால் இது பிடிபடாது. டிஸ்பென்சரியில் நீங்களே கேளுங்கள்.

அந்த அக்கா காலையிலும் மலையிலும் தண்ணீர் குடிக்கத் தொடங்கி ஒரு கிழமையில் தேறிவிட்டார். எல்லாருக்கும் அப்படி ஆகாது. கண் இமையின் உள்பக்கம் வெளுத்து, ஏற்றத்தில் மூச்சு வாங்கினால் இரத்தச்சோகையாக இருக்கலாம். இரத்தம் சோதிக்க வேண்டும். பிரசர் மாத்திரையாலும் தலை சுற்றும். அதை நீங்களாக நிறுத்தாமல் டொக்டரிடம் சொல்லுங்கள்.

தலை சுற்றினால் உடனே அந்த இடத்திலேயே உட்காருங்கள், முடிந்தால் படுத்துக் காலை உயர்த்துங்கள். சரிவில் நின்று சமாளிக்கப் பார்க்க வேண்டாம். ஆனால் நினைவு தப்பி விழுந்தால், நெஞ்சு வலித்தால், நெஞ்சு தாறுமாறாக அடித்தால், மலம் தார்போலக் கறுத்துப் போனால், பேச்சுக் குழறினால், ஒரு பக்கக் கை கால் சோர்ந்தால் தண்ணீர் கொடுத்துப் பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது. மாதவிலக்கு தள்ளிப்போன பெண்ணுக்கு அடிவயிற்று வலியோடு மயக்கம் வந்தாலும் அப்படித்தான். 1990க்கு அழையுங்கள். அம்புலன்சுக்குக் காசில்லை.

தலைசுற்றி உட்கார்ந்த பெண்ணுக்கு அரைப் பேர் போடுவதை நான் ஏற்கமாட்டேன். தண்ணீர் குடிக்க முடியாத வேலைத்தளத்தை வைத்திருப்பது நிர்வாகம். மலையில் மலசலகூடமும் குடிதண்ணீரும் வேண்டுமென்ற கோரிக்கையை மகளிர் நலன் என்று பட்டியலின் கடைசியில் போடுகிறோம். அடுத்த பேச்சுவார்த்தையில் அது சம்பளத்துக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும்.