பிளக் பொருந்தினா மட்டும் போதுமா?

இரத்தினபுரி, கேகாலைப் பக்கத்துத் தோட்டங்கள்ல இருந்து வளைகுடாவுக்கு வீட்டு வேலைக்குப் போன அம்மாமார், சித்திமார் ஊரிலிருந்து கேட்கிற சாமான் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கும். கருவாடு, மிளகாய்த்தூள், தைலம், இரண்டு நைட்டி. கடைசியில தயங்கித் தயங்கிக் கேட்கிறது ஒரு போன் சார்ஜர்.

"அங்க இல்லாத சார்ஜரா, அங்கயே வாங்கலாமே" என்று சிலர் சிரிப்பார்கள். கடை அங்கே இருக்கிறது. ஆனால் வீட்டுக்குள்ளேயே தங்கி வேலை செய்கிற பெண்ணுக்குக் கடைக்குப் போகிற வழிதான் இல்லை. முதலாளியம்மாவிடம் கேட்டால் இன்றைக்கு, நாளைக்கு என்று இழுபடும். அதற்குள் போன் செத்துவிட்டால் பிள்ளையின் முகம் பார்க்கவும் முடியாது, சம்பளம் வரவில்லை என்று ஒருவரிடம் சொல்லவும் முடியாது. அதனால் அடுத்த கிழமை பயணம் போகிற ஒருவர் கையில் சார்ஜர் கொடுத்து அனுப்புகிறோம். அனுப்புவது சரி. எதை வாங்கி அனுப்புகிறோம் என்பதில்தான் எனக்குச் சண்டை.

இன்னொரு நாட்டுக்குச் சார்ஜர் வாங்கும்போது மூன்று விஷயம் பொருந்த வேண்டும்: பிளக்கின் வடிவம், வோல்ட் அளவு, பாதுகாப்புச் சான்று. நம்ம ஆட்கள் வடிவத்தை மட்டும் பார்க்கிறார்கள். வோல்ட்டைப் பற்றிச் சும்மா பயப்படுகிறார்கள். சான்றைப் பற்றி யாரும் கேட்பதே இல்லை. உயிருக்கு ஆபத்து வருவது அந்த மூன்றாவதில்தான்.

முதலில் வோல்ட். சார்ஜரின் உடம்பில் பொடி எழுத்தில் அச்சடித்திருப்பதைப் போன் கேமராவில் பெரிதாக்கிப் பாருங்கள். 'இன்புட்' என்ற ஆங்கிலச் சொல்லுக்குப் பக்கத்தில் 100-240 என்றும் 50/60 என்றும் இருந்தால் அந்தச் சார்ஜர் உலகத்தில் எந்த வீட்டுக் கரண்டிலும் வேலை செய்யும். இலங்கையில் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். சவூதியில் இப்போதைய தரம் 230 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். தென்கொரியாவில் 220, ஜப்பானில் 100. எல்லாமே அந்த எல்லைக்குள் அடங்கிவிடும்.

ஆனால் சவூதியில் ஒரு சிக்கல் உண்டு. அங்கே பல காலம் வீடுகளில் 127 வோல்ட்தான் ஓடியது. 230க்கு மாறுவது என்று அரசாங்கம் முடிவெடுத்தது 2010இல். மாற்றம் படிப்படியாகத்தான் நடக்கிறது. ஆகவே பழைய வீடுகளில் அமெரிக்க மாதிரி தட்டையான இரண்டு கால் போடுகிற சொக்கட்டும் 127 வோல்ட்டும் இன்னும் இருக்கலாம். மலிவுச் சார்ஜர் சிலவற்றில் 220-240 என்று மட்டும் போட்டிருக்கும். அது அந்தச் சொக்கட்டில் ஒழுங்காக வேலை செய்யும் என்று நம்ப முடியாது. இங்கே வாங்கின கேத்தலோ சோறு ஆக்கும் குக்கரோ அனுப்பினால் இன்னும் மோசம்: 127 வோல்ட்டில் மூன்றில் ஒரு பங்கு சூடுகூட வராது.

அடுத்தது வடிவம். இதில் நமக்கு ஒரு வசதி இருக்கிறது. இலங்கைப் பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழு 13 அம்பியர் சதுரக் கால் பிளக்கை நாட்டின் ஒரே தரமாக ஆக்கிவிட்டது. பிரித்தானியாவில் பிறந்த அதே மூன்று கால் பிளக்தான் சவூதி, குவைத், கட்டார், அமீரகம், மலேசியாவிலும் ஓடுகிறது. ஆகவே இரத்தினபுரி டவுனில் வாங்குகிற சதுரக் கால் சார்ஜர் ரியாத்திலும் பொருந்தும். வேடிக்கை என்னவென்றால், நம்ம பழைய லயங்களில் பல இடத்தில் இன்னும் வட்டக் கால் சொக்கட்தான். வாங்கின சார்ஜரை வீட்டில் போட்டுப் பார்க்க முடியாது. கடையிலேயே போட்டுப் பார்த்து வாங்குங்கள்.

இறக்குவானைப் பக்கம் எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தின் கதையைச் சொல்கிறேன். சித்தி ரியாத்தில். முதல் தடவை அவர்கள் அனுப்பியது ஐரோப்பிய மாதிரி, மெல்லிய இரண்டு வட்டக் கால் உள்ள சார்ஜர். சித்தி என்ன செய்தார்? நாம் ஊரில் செய்வதையே செய்தார். மேல் ஓட்டையில் பேனாவைக் குத்தி மூடியைத் திறந்துகொண்டு, கீழே இரண்டு காலையும் அழுத்திச் செருகினார். சதுரக் காலின் நீளமான எர்த் முள் உள்ளே போனால்தான் கீழ் ஓட்டைகளின் மூடி திறக்கும். பிள்ளைகள் கம்பியை விட்டுவிடக் கூடாது என்று வைத்த பூட்டு அது. பேனா அதை ஏமாற்றிவிடும். ஆனால் உள்ளே இருக்கும் பித்தளைப் பிடி சதுரக் காலுக்கு அளவெடுத்தது. மெல்லிய வட்டக் காலை இறுக்கிப் பிடிக்காது. தொடுப்பு தளர்ந்தால் பொறி பறக்கும், சூடேறும், பிளாஸ்டிக் உருகும். இரண்டு கிழமையில் அந்தச் சொக்கட் கறுத்துப்போனது. "சுவரக் கெடுத்துட்டா" என்று ஏச்சு வாங்கியது சித்திதான்.

இரண்டாவது தடவை அக்கா மகள் ஒரு காரியம் செய்தாள். "சித்தி, சொக்கட்ட போட்டோ எடுத்து அனுப்புங்க, போனோட அடிப்பக்கத்தையும் எடுங்க" என்று கேட்டாள். வந்த படத்தில் அறையில் இரண்டு சொக்கட். கதவுப் பக்கம் சதுரக் கால். கட்டிலுக்குப் பக்கத்தில் பழைய தட்டைக் கால். கடைக்காரர் உடனே எல்லா நாட்டுக்கும் பொருந்தும் என்று ஒரு வெள்ளை அடாப்டரை நீட்டினார். அவள் வாங்கவில்லை; நல்ல முடிவு. எல்லா வடிவமும் நுழைகிற அந்த அகல ஓட்டை எதையும் இறுகப் பிடிக்காது. பல அடாப்டர்களில் மூடியும் கிடையாது. கதவுப் பக்கச் சொக்கட்டுக்கு ஏற்ற சதுரக் கால் சார்ஜரும் கட்டில் வரை வரும் 2 மீட்டர் கேபிளும் போதும் என்று முடிவானது.

போனின் ஓட்டை பழைய மைக்ரோ யூ.எஸ்.பி. ஆனால் சவூதியில் 2025 ஜனவரி 1 முதல் விற்பனைக்கு வரும் புதுப் போன்களுக்கு யூ.எஸ்.பி. சி கட்டாயம். நாளைக்குச் சித்தி அங்கே போன் மாற்றினால் அந்தக் கேபிள் உதவாது. அதனால் பழைய ஓட்டையும் சி ஓட்டையும் இரண்டும் உள்ள சார்ஜராகப் பார்த்து, கேபிளை மட்டும் தனியாக இரண்டு வகையில் வாங்கினார்கள்.

இப்போது சான்றுக்கு வருவோம். சார்ஜர் என்பது வெறும் டப்பா இல்லை. ஒரு பக்கம் 230 வோல்ட். மறுபக்கம், கையில் பிடிக்கிற போனுக்குப் போகும் 5 வோல்ட். இரண்டுக்கும் நடுவில் சின்ன டிரான்ஸ்போமரும் கொஞ்ச மில்லிமீட்டர் இடைவெளியும்தான். நல்ல சார்ஜரில் அந்த இடைவெளியை விட்டு, கம்பிக்கு நல்ல உறையும் போட்டிருப்பார்கள். போலியில் காசை மிச்சம் பிடிப்பதே அங்கேதான். வெளியே பார்த்தால் இரண்டும் ஒன்றுபோல இருக்கும், போனும் ஏறும். பிரித்தானிய வர்த்தகத் தர அதிகாரிகள் 2016இல் இணையத்தில் வாங்கிய 400 போலி ஆப்பிள் சார்ஜர்களைச் சோதிக்கக் கொடுத்தார்கள். மின்தாக்கத்திலிருந்து காக்கும் அளவுக்கு உறை இருந்தது மூன்றே மூன்றில்.

அந்த இடைவெளியை யாரோ அளந்து பார்த்தார்கள் என்பதற்கான அடையாளம்தான் சான்று முத்திரை. நாட்டுக்கு நாடு அது வேறு. வளைகுடா நாடுகளுக்குப் பொதுவாக ஜி முத்திரை, மலேசியாவுக்கு சிரிம், கொரியாவுக்கு கே.சி., ஜப்பானுக்கு பி.எஸ்.இ. ஒப்பந்தத்தில் இந்தியா போய் நீலகிரியில் இருக்கிற நம்ம சொந்தங்களுக்கு என்றால் பி.ஐ.எஸ். முத்திரையும் ஆர் எழுத்தில் தொடங்கும் பதிவு இலக்கமும். சி.இ. என்று மட்டும் இருந்தால் நிம்மதியடைய வேண்டாம். அது தயாரிப்பாளர் தானே சொல்லிக்கொள்கிற உறுதிமொழி. போலிக்காரன் முதலில் அச்சடிப்பதும் அதைத்தான். ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு சதுரம் போட்டிருப்பது சான்று அல்ல, இரட்டைக் காப்பு என்ற குறி மட்டுமே.

"ஒரு சார்ஜர்தானே, ஏர்போட்டில கேட்பாங்களா" என்றால், கேட்பது அபூர்வம்தான். இந்த விதிகள் முக்கியமாக இறக்குமதி செய்து விற்கிறவர்களுக்கு. அதனால்தான் நாம் பார்க்க வேண்டும் என்கிறேன். சித்தி அங்கே கடையில் வாங்கினால் அந்த நாட்டுச் சட்டம் அவருக்காக ஒரு தடவை பார்த்திருக்கும். நாம் பையில் போட்டு அனுப்பும்போது அந்தக் காவலைத் தாண்டி அனுப்புகிறோம்.

முத்திரையையும் போலியாக அச்சடிக்கலாம். அதனால் கையாலும் பார்க்க வேண்டும். தயாரிப்பாளர் பெயரும் மாடல் இலக்கமும் உடம்பிலேயே இருக்கிறதா? கீழ் இரண்டு காலின் அடிப்பாதியில் கறுப்பு உறை இருக்கிறதா? அந்தக் கால்களின் விளிம்பிலிருந்து சார்ஜரின் வெளி ஓரம் வரை எந்தப் பக்கமும் 9.5 மில்லிமீட்டராவது இருக்க வேண்டும். இல்லையென்றால் பிடுங்கும்போது விரல் காலில் படும். எழுத்துப் பிழை இருந்தால் வைத்துவிட்டு வாருங்கள். பில் தராத கடையில் வாங்கவே வேண்டாம். போய்ச் சேர்ந்த பிறகும் சித்தியிடம் கேளுங்கள்: சார்ஜில் இருக்கும்போது போனின் உலோக ஓரம் சுருசுருவென்று இழுக்கிறதா, திரை தானாகத் தாவுகிறதா, சார்ஜர் தொட முடியாமல் சுடுகிறதா? ஒன்றுக்கு ஆம் என்றாலும் உடனே கழற்றச் சொல்லுங்கள். சுருசுருப்பு நல்ல சார்ஜரிலும் லேசாக இருக்கலாம். வேறொன்றை மாற்றிப் பார்க்கும்வரை அதை நம்ப வேண்டாம்.

போன் கம்பனியின் அசல் சார்ஜருக்குப் பஸ் ஸ்டாண்ட் சார்ஜரைவிடப் பல மடங்கு விலை. கஷ்டம்தான், மறுக்கவில்லை. ஆனால் கூரைத் தகரம், டி.வி., தங்கச்சியின் கல்யாணம் எல்லாம் சித்தியின் காசு. அவர் தலையணைக்குப் பக்கத்தில் இராத்திரி முழுக்கக் கிடக்கப்போகிற ஒரே சாமானை மட்டும் நாம் ஆகக் குறைந்த விலையில் வாங்குகிறோம். தீபாவளிக்கு அவர் அனுப்புகிற காசில் முதல் செலவு அவருக்கான சார்ஜராக இருக்கட்டும். கடைக்குப் போகும் முன் அவருடைய சொக்கட்டின் போட்டோ உங்கள் போனில் இருக்கட்டும்.